நிரல் பெருமான் நீடு வாழ்க!

மைசூரு மன்னர்களை அறிந்த ஊர். உடையார்கள் ஆண்டார்கள், நடுவே ஹைதரும் திப்புவும் ஆண்டார்கள், திவான்கள் ஆலோசனை சொன்னார்கள். தேவராஜ மொஹல்லாவின் ஓரத்தில், மார்க்கெட்டுக்கு எதிரே, 1886ல் டஃபரின் பிரபுவின் பெயரால் எழுந்த சின்ன கடியாரம் அன்றிலிருந்து ஊருக்கு மணி காட்டியது. மணி காட்டியதோடு நின்றுகொண்டது என்பதுதான் அதன் குறை. யாரையும் அது 'எழுந்திரு, சிரி, நகர்' என்று ஆணையிட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த பேரரசரை, அந்த மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு கல்யாணச் சத்திரத்தில் கண்ணாரக் கண்டு வணங்கும் பேறு அடியேனுக்குக் கிட்டியது. அவர் திருநாமம் நிமிடவாரி நிகழ்ச்சி நிரல். மணமக்கள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். பெண் வீட்டார் மைசூருவிலேயே மூன்று தலைமுறை, பிள்ளை வீட்டார் கும்பகோணம் பக்கம். ஆனால் அன்றைய நாயகர் இவர்கள் யாரும் அல்லர். நாயகர், நான்கு பக்கங்களில் நூற்று நாற்பத்து மூன்று வரிகளாக விரிந்து, இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கட்டங்கள் ஒளிர, அதிகாலை 4:10க்குத் தொடங்கி இரவு 10:45க்கு முடிந்த அந்தக் காகிதப் பெருமானே.

அவருடைய கூர்மையை முதலில் பாட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் 'காலை 9:15 மணிக்கு மேல் 10:15 மணிக்குள்' என்று அச்சாகியிருந்தது. ஒரு மணி நேரம்! இவ்வளவு தளர்ச்சியை எந்தப் பெருமான் பொறுப்பார்? நிரலார் அந்த ஒரு மணி நேரத்தைச் செதுக்கிச் செதுக்கி, '9:47 — தாலி' என்று ஒரே புள்ளியில் நிறுத்தினார். முன்னோர்களுக்கு இந்தத் துணிவு வரவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். எட்டும் தூரத்தில் இருக்கும் அம்பா விலாஸ் அரண்மனையையே பாருங்கள். 2016 ஜூன் 27 அன்று யதுவீரருக்கும் துங்கர்பூர் த்ரிஷிகா குமாரிக்கும் நடந்த திருமணத்திற்கு, அரண்மனையே வைத்துக்கொண்ட முகூர்த்தம் 9:05 முதல் 9:35 வரை. அரை மணி நேரம் அகலம். அரச குடும்பம், நாடே பார்க்கும் கல்யாணம், ஆனாலும் ஒரு நிமிடத்தைக் குறித்துச் சொல்ல ஜோதிடர்களுக்கு நா எழவில்லை.

தசராவும் அப்படித்தான். மொஹல்லாவின் விளிம்பை உரசிக்கொண்டு சயாஜி ராவ் சாலையில் ஜம்பூ சவாரி போகும். 750 கிலோ தங்க அம்பாரியை யானை சுமக்கும் அந்த விழாவிற்கு, 2023ல் நந்தி கம்பப் பூஜை 1:46 முதல் 2:08 வரை என்று குறித்தார்கள்; 2024ல் 1:41 முதல் 2:10 வரை என்றார்கள். நிமிடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதை ஒரு வாசலாகத் திறந்து வைக்கத்தான் தெரிந்திருக்கிறது. முதலமைச்சர் வர ஐந்து நிமிடம் பிந்தலாம், யானை ஒரு அடி தயங்கலாம், கூட்டம் வழிவிடாமல் நிற்கலாம், அத்தனைக்கும் அந்த இருபது முப்பது நிமிடத்திற்குள் இடம் வைத்தே நாள் குறிக்கும் பழைய வழக்கம் அது. ஆமையும் முயலும் ஒரே வாசலில் நுழையலாம் என்ற இந்தப் பெருந்தன்மை நம் நிரல் பெருமானிடம் எள்ளளவும் இல்லை. வாசலை ஊசிக் காதாக்கி, அதற்குள் மொத்தக் கல்யாணத்தையும் நூலாகக் கோத்துவிட்டார்.

அந்தக் கோப்பின் அழகை ஒரே ஒரு கண்ணியில் நின்று ரசிப்போம். காசி யாத்திரை 8:05. மாலை மாற்றல் 8:22. ஊஞ்சல் 8:36. மணவறை 8:55. கன்னிகாதானம் 9:12. கூறைப் புடவை கொடுத்தல் 9:34. மணமகள் கூறை உடுத்தி மணவறை திரும்புதல் 9:40. தாலி 9:47. இந்த வரிகளுக்கு நடுவே ஒரு நிமிடம்கூட வெறுமையாக இல்லை என்பதைக் கவனிக்கக் கோருகிறேன். ஒன்று முடியும் கணமே அடுத்தது தொடங்குகிறது. ஒன்று முடியாவிட்டால்? முடியாவிட்டால் என்ற சிந்தனையே பெருமானின் திருவுள்ளத்தில் உதித்ததில்லை. அவ்வளவு தூய மனம்!

இப்போது 9:34க்கும் 9:40க்கும் நடுவே உள்ள ஆறு நிமிடங்களுக்கு வருவோம். கூறைப் புடவை ஒன்பது கஜம். பெண்ணை அறைக்கு அழைத்துப் போக வேண்டும். காலையிலிருந்து போட்டிருக்கும் பட்டுப் புடவையில் நாற்பது பின் குத்தியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், ஒட்டியாணம் கழற்ற வேண்டும். ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். வீட்டில் அத்தை ஒருவருக்குத்தான் தெரியும், அவர் மணவறையில் அட்சதைத் தட்டோடு நிற்பார், அவரைத் தேடி அழைத்து வர வேண்டும். கட்டி முடித்ததும் ஒட்டியாணம் மறுபடி பூட்ட வேண்டும். தலைச்சாமான் கலைந்திருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். ஒப்பனைக்கார அம்மாள் முகத்தைத் தொட்டுப் பார்ப்பார். கை தேர்ந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இருபது நிமிடம். பெண் முதன்முறை உடுத்துகிறாள் என்றால் அரை மணி. இதை அந்த அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் பேரரசர்கள் அத்தைகளிடம் கேட்பதில்லை. ஆறு நிமிடம் என்று எழுதினார்கள். எழுதியதும் அது ஆறு நிமிடம் ஆகிவிட்டது. புடவைக்குத்தான் அது தெரியவில்லை.

அன்று மணப்பெண் அறைக்குள் போனது 9:34. நிரலார் அதுவரை எல்லாவற்றையும் நிமிடம் பிசகாமல் கொண்டுவந்திருந்தார் என்பதைப் போற்றியே ஆக வேண்டும். ஊஞ்சலில் பாட்டி ஒருவர் பாடிக்கொண்டிருந்த பாட்டை மூன்றாவது அடியில் நிறுத்தியதும், கன்னிகாதானத்தில் இரு வீட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லும் பிரவரத்தை ஒருமுறையோடு போதும் என்று வாத்தியாரிடம் சைகை காட்டியதும் இதற்காகவே. கொள்ளுத் தாத்தாவின் பெயரை இன்னொரு முறை சொன்னால் எத்தனை விநாடி! மிச்சம் பிடித்த அந்த விநாடிகளையெல்லாம் கூறைப் புடவை ஒரே மூச்சில் விழுங்கியது.

மணி 9:47. இங்கேதான் பெருமானின் மகிமை விசுவரூபம் எடுத்தது. பழைய காலத்தில் கெட்டிமேளம் கொட்டுவதற்கு ஒரே ஒரு ஏற்பாடுதான் உண்டு. வாத்தியார் மணவறையில் கையை உயர்த்தி விரலைச் சுழற்றுவார். நாதஸ்வரக்காரரின் கண் அந்தக் கையின் மேலேயே இருக்கும். தவில்காரரின் கண் நாதஸ்வரக்காரர் மேல் இருக்கும். மாப்பிள்ளையின் கை முடிச்சில் இருக்கும் அதே நொடியில் மேளம் முழங்கும். கடிகாரம் இதில் எங்கும் இல்லை. இவ்வளவு பாமரமான முறையை ஒழித்து, காதில் கருவி மாட்டிய ஓர் இளைஞரை மேளக்காரர்கள் பக்கத்தில் நிறுத்தியிருந்தார் நிரலார். அந்த இளைஞரின் கையில் காகிதம். காகிதத்தில் '9:47 — கெட்டிமேளம்'. மணவறை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவே கிரேன் கேமரா நின்றது. 9:47க்கு அவர் கையைக் காட்டினார். மேளம் முழங்கியது. வாணவேடிக்கைப் பொறி இரண்டு பக்கமும் வெள்ளிப் பூவாய்ச் சீறியது. கூடத்தில் அறுநூறு பேர் எழுந்து, மாப்பிள்ளையின் மேலும் அவருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுப் பலகையின் மேலும் அட்சதையை அள்ளித் தூவி ஆசீர்வதித்தார்கள்.

பெண் மணவறைக்கு வந்தது 10:02. தாலி ஏறியது 10:06. பத்திரிகையில் அச்சிட்ட அந்தத் தளர்ந்த, பழைய, ஒரு மணி நேர முகூர்த்தம் இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதனால்தான் கல்யாணம் முகூர்த்தத்திற்குள் நடந்தது. இந்த உண்மையை யாரும் நிரலாரின் காதில் போட்டுவிட வேண்டாம்; மனம் நோவார். இரண்டாம் முறை வாத்தியார் கையை உயர்த்த, இம்முறை நாதஸ்வரக்காரர் காகித இளைஞரைப் பாராமல் வாத்தியாரைப் பார்க்க, மேளம் கொட்டியது. ஒரு தாலிக்கு இரண்டு கெட்டிமேளம் கண்ட பாக்கியவதி அந்தப் பெண். எந்த மகாராணிக்கும் கிடைக்காத சிறப்பு. என்ன, அப்போது யார் கையிலும் அட்சதை இல்லை. எல்லோரும் கையைக் கூப்பினார்கள். சிலர் செல்பேசியைத் தூக்கினார்கள்.

பூவின் விஷயத்திலும் பெருமான் காட்டிய முன்யோசனையை மறக்கலாகாது. தேவராஜ மார்க்கெட் சத்திரத்திலிருந்து நடந்து போகும் தூரம். விடியற்காலையில் அங்கே மல்லிகையும் ரோஜாவும் சம்பங்கியும் கூடை கூடையாக வந்து இறங்கும். மைசூரு மல்லிகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாக இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில், காலையில் கட்டிய மாலையை ஒரு மாமா ஈரத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். ஆனால் நிரலில் காலை 5 முதல் 7 வரை ஒரு கட்டமும் காலி இல்லை. மணமகளின் செருப்பையும் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் இலை மேல் வைத்துப் படம் எடுப்பதற்கு மட்டுமே பதினோரு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே மாலைகள் முதல்நாள் மாலை 6:20க்கே வாங்கப்பட்டு, விளக்கு வெப்பத்தில் வெதும்பும் ஓர் அறையில் இரவு முழுதும் தவம் இருந்தன. 8:22க்கு மாலை மாற்றும்போது இதழ்கள் தாமாகவே உதிர்ந்து மணமக்களை வாழ்த்தின. மார்க்கெட் அப்போது புதுப் பூவால் நிறைந்திருந்தது.

இனி, பந்தி. நூற்று நாற்பத்து மூன்று வரிகளில் சாப்பாட்டுக்கு ஒரே வரி: '11:15 – 12:30, லஞ்ச்'. சுருங்கச் சொல்லல் என்னும் நூலழகு இதுவன்றோ! உணவுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 180 இலை போடலாம். வந்தவர்கள் ஏறத்தாழ 650 பேர். நாலு பந்தி. இலை போட்டு, பரிமாறி, சாம்பார் ரசம் பாயசம் மோர் என்று ஒரு சுற்று முடிந்து, எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட, எவ்வளவு வேகமான பரிசாரகர்கள் ஆனாலும் நாற்பது நிமிடம். நாலு நாற்பது நூற்று அறுபது. நிரலில் இருப்பது எழுபத்தைந்து. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பெருமானோ கணக்குக்கு அப்பாற்பட்டவர். தலைமைச் சமையல்காரர் முப்பது வருடமாக இந்த ஊரில் கல்யாணச் சமையல் செய்பவர். அவரிடம் நிரலின் பிரதி இல்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: 'தாலி எப்ப ஏறும்? முதல் பந்திக்கு எப்ப அரிசி போடட்டும்?' பதில் யாரும் சொல்லவில்லை. தாலி ஏறிய பிறகு அரிசி போட்டால்தான் சோறு சூடாக இருக்கும் என்பது அவர் கணக்கு. முதல் கெட்டிமேளம் கேட்டவுடன் அவர் அரிசியைப் போட்டுவிட்டார். முதல் பந்தி உட்காரும்போது சோறு ஆறியிருந்தது. நாலாம் பந்திக்குப் பாயசம் தீர்ந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் வந்த பெரியவர்கள், உண்டுகொண்டிருப்பவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அடுத்த இலைக்கு இடம் பிடித்துக் காத்திருந்தார்கள். விருந்தினருக்கு இப்படி ஒரு பொறுமைப் பயிற்சியை இலவசமாக வழங்கிய வள்ளல் உலகில் வேறு யார்?

மாலையில் வரவேற்பு. இங்கே பெருமானின் தாராளத்தை அளந்து காட்டுகிறேன். அழைத்தவர்கள் எழுநூறு பேர். மேடைக்குத் தனியாக யாரும் ஏறுவதில்லை. குடும்பமாக ஏறுவார்கள், சராசரி நாலு பேர் என்று வைத்தால் 175 குடும்பங்கள். நிரலில் வாழ்த்துக்கு ஒதுக்கிய நேரம் 7:00 முதல் 8:15. ஒரு குடும்பத்துக்கு இருபத்தைந்து விநாடி. படியேறி, மொய்க் கவரைக் கொடுத்து, 'இவர் யார் தெரியுமா, உன் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர்' என்று அப்பா அறிமுகம் செய்து, வரிசையாக நின்று, படம் எடுத்து, இறங்க இருபத்தைந்து விநாடி. அதிலும் முழங்கால் வலிக்கிற ஒருவருக்கு அந்தப் படியேறவே இருபத்தைந்து விநாடி ஆகும். ஆகவே மேடையின் இடப்பக்கம் ஒருவர் நின்று 'சீக்கிரம் மேலே வாங்க' என்றும், வலப்பக்கம் ஒருவர் நின்று 'இப்படி இறங்குங்க' என்றும் அன்போடு வழிநடத்தினார்கள். மணப்பெண்ணின் பள்ளி ஆசிரியை ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அவர் சொல்வதற்குள் அடுத்த குடும்பம் படத்துக்கு நின்றுவிட்டது. அவ்வளவு செய்தும் வரிசை 9:30 வரை நீண்டதற்கு விருந்தினரின் கால்களே காரணம். நிரல் காரணம் அல்ல.

பெருமானின் அச்சமின்மையைப் பற்றியும் ஒரு சொல். மைசூரு அரண்மனையின் கதை எல்லோருக்கும் தெரியும். 1897ல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீப்பிடித்து எரிந்தது; அதன் பிறகுதான் ஹென்றி இர்வின் வரைபடத்தில் இன்றைய அரண்மனை எழுந்தது, 1912ல் முடிந்தது. கல்யாண நாளில் எதுவும் நேரலாம் என்று கல்லிலே எழுதி வைத்த ஊர் இது. கோழை மனத்தார் இதைப் படித்துவிட்டு, மின்சாரம் போனால் யார், ஜெனரேட்டர் சாவி எங்கே, பந்தலில் நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் வெளியேறுவது, வாத்தியார் பிந்தினால் எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்று தனியாக ஒரு பத்தி எழுதுவார்கள். நிரலாரின் நான்கு பக்கத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'மணமக்கள் நடனம், நீல விளக்கு, புகை' என்ற வரியில் மின்சாரம் போனது. 'யார் பொறுப்பு' என்ற கட்டத்தில் பார்த்தார்கள், 'டீம்' என்றிருந்தது. அதற்கு மேல் வரியிலும் 'டீம்', கீழ் வரியிலும் 'டீம்'. பதினாறு பேர் டீம் என்றால் பதினாறு பேரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருக்கலாம். இந்த நிம்மதி வேறு எந்த நிர்வாக முறையில் கிடைக்கும்? சாவி சத்திரத்துக் காவலாளியின் இடுப்பில் இருந்தது. அவரை யாரும் நிரலில் சேர்க்கவில்லை. அவர் நாலாம் பந்தியின் மிச்சத்தைத் தாமதமாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவதாரங்கள் பல எடுத்த பெருமானும் அவரே. திட்டமிட்டவரின் கையில் ஏழாம் பதிப்பு. படக்காரரின் கையில் நாலாம் பதிப்பு. ஒலிபெருக்கிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டாம் பதிப்பு, அதிலும் மேல் பாதி மட்டும். நாலாம் பதிப்பில் சப்தபதி மணவறைக்கு வலப்பக்கம். ஏழாம் பதிப்பில் இடப்பக்கம். ஆதலால் மணமக்கள் அக்கினியை வலம் வந்தபோது இரண்டு கேமராக்கள் ஒன்றையொன்று படம் எடுத்துக்கொண்டன. வாத்தியாரிடமும் மேளக்காரரிடமும் சமையல்காரரிடமும் எந்தப் பதிப்பும் இல்லை. கல்யாணத்தை நடத்தியவர்கள் அந்த மூன்று பேர் என்பது தற்செயலே.

இரவு 10:45க்கு நிகழ்ச்சி முடிந்தது. காகிதம் சொன்ன அதே நிமிடம்! இதைக் கேட்டு ஐயப்படுவோர் உண்டு. ஐயம் வேண்டாம். நலங்கு இருந்த வரி நீங்கியது. பெண் வீட்டுப் பாட்டி ஒரு மாதமாகப் பழகிய பாட்டு அதோடு நீங்கியது. தேங்காய் உருட்டலும் அப்பளம் உடைத்தலும் நீங்கின. குழந்தைகள் அதற்காகவே தூங்காமல் இருந்தன. இரு வீட்டாரும் ஒரு தரம் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதற்கு நிரலில் முதலிலேயே வரி இல்லை, அதனால் நீக்கும் சிரமமும் இல்லை. நடந்ததை நடந்தபடியே நிரலில் திருத்தி எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை நிறம் பூசி, இரவே வீட்டாருக்கு அனுப்பினார்கள். பிழையே செய்யாத ஆவணம்! நடந்த பிறகு எழுதப்படும் ஜாதகம் பொய்த்ததாக உலகில் வரலாறு உண்டா?

ஆகவே கல்யாணம் வைத்திருக்கும் பெரியோர்களே, பழங்காலத்துப் பெரியவர்கள் செய்த பேதைமையை நீங்களும் செய்து இப்பெருமானை அவமதித்துவிடாதீர்கள். அவர்கள் செய்ததைச் சொல்கிறேன், எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் முகூர்த்தம் முடியும் நேரத்தைத் தாளின் அடியில் எழுதி, அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போடுவார்கள்: தாலிக்கு முன் கூறைப் புடவைக்கு அரை மணி, அதற்கு முன் கன்னிகாதானத்துக்கு வாத்தியார் கேட்கும் நேரம், அதற்கு முன் ஊஞ்சல், என்று ஏறிப்போய்ப் பெண் குளிக்க வேண்டிய நேரத்தில் நிற்பார்கள். நடுவில் இரண்டு இடத்தில் கால் மணி நேரத்தை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடுவார்கள். ஏன் என்று கேட்டால் 'இருக்கட்டும்' என்பார்கள். புடவை கட்டுகிறவரையும் சமையல்காரரையும் வாத்தியாரையும் முதல்நாள் மாலை காபிக்கு உட்காரவைத்து 'உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்' என்று வெட்கமில்லாமல் கேட்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு ஆளின் பெயர் எழுதுவார்கள். அந்தத் தாளில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே தாள். கெட்டிமேளத்துக்கு நேரமே போடமாட்டார்கள். வாத்தியார் கை காட்டட்டும் என்று விட்டுவிடுவார்கள். பந்தியை இலைக் கணக்கில் பிரித்து, தூரத்திலிருந்து வந்தவர்களையும் வயதானவர்களையும் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள்.

இப்படியெல்லாம் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே ஒரு கெட்டிமேளத்தோடு கல்யாணம் முடிந்துவிடும். அட்சதை முழுதும் மணமக்கள் இருவர் மேலும் விழுந்துவிடும். சோறு சூடாக இருக்கும். பாட்டி பாட்டை முடித்துவிடுவார். அத்தகைய சாதாரணக் கல்யாணம் உங்கள் வீட்டில் நேர்ந்துவிடாமல் இருக்க, நூற்று நாற்பத்து மூன்று வரிப் பெருமானின் திருவடியையே பற்றுங்கள். கட்டணம் முன்பணமாகச் செலுத்துங்கள்.